715 மார்க் வாங்கின லேப்டாப் எங்க வீட்டுக்கு செட் ஆகல

கேள்வி: காலேஜுக்கு லேப்டாப் எடுக்க வெயிட்டேஜ் போட்டு மார்க் ஷீட் மாதிரி ஒண்ணு ரெடி பண்ணேன். மொத்தத்துல கேமிங் மாடல் தான் ஃபர்ஸ்ட் வருது, ஆனா மனசு ஒப்பல. ஷீட்ட நம்பி வாங்கிடலாமா?

வாங்காதீங்க, முதல்ல ஷீட்ல இருக்குற வரிய எண்ணிப் பாருங்க. ப்ராசசர் ஒரு வரி, ராம் ஒரு வரி, கிராபிக்ஸ் ஒரு வரி, எஸ்எஸ்டி ஒரு வரின்னு போட்டிருப்பீங்க, நானும் அப்படித்தான் போட்டேன். தங்கச்சி காலேஜ் சேந்தப்ப வாங்குனது, வீட்ல அப்பா 65,000 ரூபாய எண்ணி குடுத்துட்டு "நீ பாத்து நல்லதா எடு"ன்னு சொல்லிட்டார், அந்த பொறுப்புல ரெண்டு நாள் தூங்காம உக்காந்து போட்ட ஷீட் அது.

மூணு லேப்டாப் கடைசி வரைக்கும் வந்துச்சு. ஒண்ணு கேமிங், 2.2 கிலோ, 64,000. ஒண்ணு மெல்லிசு, 1.3 கிலோ, 58,000. இன்னொண்ணு கம்பெனிக்காரங்க ஆபீஸுக்கு வாங்குற டைப், பாக்க சாதாரணமா இருக்கும், 1.6 கிலோ, 55,000. கம்பெனி பேரு வேணாம், சண்டைக்கு வருவாங்க. வெயிட்டேஜ் ப்ராசசர் 20, ராம் 15, கிராபிக்ஸ் 15, எஸ்எஸ்டி 10, பேட்டரி 15, எடை 5, விலை 20ன்னு குடுத்தேன். ஒவ்வொரு வரிக்கும் போட்ட மார்க்க அந்த வரி வெயிட்டேஜால பெருக்கி கூட்டுனா கேமிங் 715, மெல்லிசு 665, ஆபீஸ் 660. 50 மார்க் வித்தியாசம், அப்புறம் என்ன யோசனைன்னு எடுத்துட்டேன்.

இப்ப அந்த முதல் நாலு வரிய கூட்டுங்க, 60 வருது. நாலும் சொல்றது ஒரே விஷயம், வேகம். நான் வேகத்துக்கு 60, மத்த எல்லாத்துக்கும் சேத்து 40 குடுத்துருக்கேன், அது எனக்கே தெரியல. "வேகத்துக்கு நூத்துக்கு எவ்ளோ குடுப்ப"ன்னு யாராச்சும் நேரா கேட்டிருந்தா 20, 25ன்னு தான் சொல்லியிருப்பேன். ஒரே குணத்த நாலா பிரிச்சா அதுக்கு நாலு ஓட்டு விழுந்துடும், கேமிங் ஜெயிக்காம என்ன பண்ணும்.

அவ தினம் தென்காசி பக்கத்துல இருந்து திருநெல்வேலிக்கு பஸ்ல போய்ட்டு வர்றவ. லேப்டாப்பும் அந்த செங்கல் மாதிரி சார்ஜரும் சேந்து மூணு கிலோ கிட்ட, பாதி நாள் நின்னுட்டே போகணும். பேட்டரி நாலு மணி நேரம், மத்தியானத்துக்கு மேல லேப்னா பிளக் பாயிண்ட் வேணும். இந்த இடத்துல ஒண்ணு சொல்லியே ஆகணும், லட்சக்கணக்குல ஃபீஸ் வாங்குற காலேஜ்ல 60 பேர் உக்கார்ற கிளாஸுக்கு ரெண்டே ரெண்டு பிளக் பாயிண்ட், அதுலயும் ஒண்ணு புரொஜக்டருக்கு. லேப்டாப் கட்டாயம்னு சர்க்குலர் மட்டும் அனுப்புறாங்க, அத எங்க சொருகுறதுன்னு யாரும் யோசிக்கல. கேட்டா "வீட்ல ஃபுல் சார்ஜ் போட்டுட்டு வரச் சொல்லுங்க"ன்னு பதில்.

14வது மாசம் கீல் உடைஞ்சுது. வாரண்டி ஒரு வருஷம், முடிஞ்சு போச்சு. சர்வீஸ் சென்டர் மதுரைல. பார்ட்ஸ் வரணும்னு 19 நாள் வச்சிருந்தாங்க, அதுக்குள்ள அவளுக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ. ஃப்ரெண்டு லேப்டாப்ப ராத்திரி கடன் வாங்கி பண்ணா. என் கிட்ட ஒரு வார்த்தை குறையா சொல்லல, அது தான் எனக்கு இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

அதுக்கப்புறம் அதே மூணு லேப்டாப்புக்கும் ஷீட்ட திரும்ப போட்டேன், இந்த தடவ அவள பக்கத்துல உக்கார வச்சு. லேப்டாப் பேர எதையும் காட்டல. ஆறு விஷயத்த பேப்பர்ல எழுதி, 20 புளியங்கொட்டைய கைல குடுத்து, உனக்கு எது முக்கியமோ அதுல வைன்னு சொன்னேன், ஒரு கொட்டை 5 பாயிண்ட். வேகத்துல அஞ்சு வச்சா, கொஞ்ச நேரம் பாத்துட்டு அதுல ஒண்ண எடுத்து பேட்டரில போட்டா. நூறுன்னு நம்பர் சொல்லி கேட்டா எல்லாரும் எல்லாத்துக்கும் 15, 20ன்னு தான் சொல்வாங்க, கொட்டை தீந்து போகுங்கறப்ப தான் எது பெருசுன்னு தெரியுது. திரைக்கும் ஒரு வரி வேணும்னு அப்பா சொன்னார், ஆனா மூணும் ஃபுல் ஹெச்டி, மூணுக்கும் 7 தான் விழும். எல்லாருக்கும் ஒரே மார்க் விழுற வரிக்கு எவ்ளோ வெயிட்டேஜ் குடுத்தாலும் யாரும் முந்தப் போறதில்ல, அதனால எடுத்துட்டோம்.

மார்க்கும் கண்ண மூடிட்டு போடல. பேட்டரிக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு மார்க், அதுவும் வாங்கினவங்க சொல்ற நேரம், டப்பால போட்டிருக்கறது இல்ல. எடைக்கு 1.3 கிலோன்னா 9, அதுக்கு மேல ஒவ்வொரு 150 கிராமுக்கும் ஒரு மார்க் கட். விலைல 55,000க்கு 8, 3,000 கூடுனா ஒண்ணு கட். சர்வீஸ்ல வீட்டுக்கே ஆள் வந்தா 9, திருநெல்வேலில வாங்கி வெளியூர் அனுப்புனா 5, மதுரைக்கு நாமளே தூக்கிட்டு போகணும்னா 4.

| | வெயிட்டேஜ் | கேமிங் | மெல்லிசு | ஆபீஸ் |
|---|---|---|---|---|
| பேட்டரி | 25 | 4 | 8 | 7 |
| வேகம் | 20 | 9 | 6 | 6 |
| சர்வீஸ் | 20 | 4 | 5 | 9 |
| எடை | 15 | 3 | 9 | 7 |
| ராம் பின்னாடி கூட்டலாமா | 10 | 9 | 2 | 8 |
| விலை | 10 | 5 | 7 | 8 |
| மொத்தம் | 100 | 545 | 645 | 740 |

கூட்டறதுக்கு எக்செல்ல ஒரே வரி, வெயிட்டேஜ் B காலம், முதல் லேப்டாப் C காலம்:

```
=SUMPRODUCT($B$2:$B$7,C2:C7)
```

முதல் ஷீட்ல ஃபர்ஸ்ட் வந்தது இதுல கடைசி. மெல்லிசுக்கும் ஆபீஸ் மாடலுக்கும் கூட ஒரு மார்க்க மாத்தல, மாறுனது வரிகளும் வெயிட்டேஜும் தான்.

"முடிவு தெரிஞ்சப்புறம் உனக்கு வேணும்னபடி வெயிட்டேஜ திருப்பிட்ட"ன்னு கீழ யாராச்சும் எழுதுவாங்க. நியாயமான சந்தேகம், கீல் உடைஞ்ச கோவம் சர்வீஸ் வரில இருக்க தான் செய்யும். அதனால தான் அசச்சும் பாத்தேன். சர்வீஸ்ல இருந்து 10 எடுத்து எடைக்கு குடுத்தா மெல்லிசு 685, ஆபீஸ் 720, இன்னும் ஆபீஸ் தான். 16 பாயிண்ட் நகத்துனா தான் மெல்லிசு 709, ஆபீஸ் 708ன்னு மாறுது. அதாவது சர்வீஸுக்கு வெறும் 4 தான்னு நெனைக்கறவங்களுக்கு மெல்லிசு சரி, பெரிய ஊர்ல பக்கத்துலயே சென்டர் இருந்தா அப்படி நெனைக்கறது தப்பும் இல்ல. கேமிங் எந்த பக்கம் அசச்சும் மேல வரல. உங்க ஷீட்டயும் இப்படி 5, 10 நகத்திப் பாருங்க, 5க்கே ஃபர்ஸ்ட் மாறுச்சுன்னா ரெண்டும் ஒண்ணு தான்னு அர்த்தம், மார்க்க விட்டுட்டு கடைக்கு போய் கீபோர்ட தட்டிப் பாத்து எடுங்க.

கேமிங் லேப்டாப்பே மோசம்னு நான் சொல்லல, 3டி, வீடியோ எடிட்டிங் படிக்கறவங்களுக்கு வேகத்துக்கு 50 கூட நியாயம். ஆனா அத ஒரே வரில 50ன்னு தெரிஞ்சு குடுங்க. அப்புறம், இது இல்லாட்டி வேணவே வேணாம்னு நீங்க நெனைக்கற விஷயத்த ஷீட்டுக்குள்ளயே விடாதீங்க. எங்களுக்கு 65,000க்கு மேல, 16 ஜிபிக்கு கீழ இருந்த எல்லாத்தையும் மார்க் போடறதுக்கு முன்னாடியே கழிச்சோம். உள்ள விட்டா, அதுல 1 வாங்கினதும் மத்ததுல 9 வாங்கி மேல வந்து நிக்கும்.

தங்கச்சி ஃபைனல் இயர் வந்துட்டா. கீல் மாத்துன அதே லேப்டாப்ப தான் இப்பவும் பஸ்ல தூக்கிட்டு போறா.