கேட்டதற்கு மட்டும்

வணக்கம் ஐயா. ஒரு சாலை விபத்து வழக்கில் அடுத்த மாதம் சாட்சி சொல்லப் போகிறேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்கிறார் வக்கீல். தெரிந்ததைச் சொல்லாமல் விடுவது உண்மையை மறைப்பது ஆகாதா?
– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ஆகாது. சாட்சியத்தைக் கேள்விகள் மூலம் வெளியே கொண்டுவருவது வக்கீல்களின் வேலை. உங்களை அழைத்த தரப்பு முதல் விசாரணையில் கேட்கும். எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்யும். அதில் அரைகுறையாக நின்றுபோனதைத் தெளிவுபடுத்த மறு விசாரணை இருக்கிறது. விட்டுப்போனதை எல்லாம் நீங்களே அங்கே நிரப்ப வேண்டியதில்லை.

குறுக்கு விசாரணையில் இப்படி ஒரு கேள்வி வரலாம்: “நீங்கள் வாசலில் நின்றபோது கார் வேகமாக வந்து அவர்மேல் மோதியதைப் பார்த்தீர்கள், சரிதானே?” ஒரே கேள்வி மாதிரிதான் தெரியும். உள்ளே மூன்று இருக்கின்றன: வாசலில் நின்றது, காரின் வேகம், மோதியதைப் பார்த்தது. உண்மையில் நீங்கள் சத்தம் கேட்டுத்தான் திரும்பினீர்கள், அவர் ஏற்கெனவே கீழே கிடந்தார் என்று வைத்துக்கொள்வோம். பதற்றத்தில் “ஆமாம்” என்று சொல்லிவிட்டால் மூன்றும் உங்கள் சாட்சியமாகப் பதிவாகிவிடும். விபத்தன்று போலீசிடம் “சத்தம் கேட்டுத் திரும்பினேன்” என்று சொல்லியிருப்பீர்கள். அடுத்த நிமிடம் அதைக் காட்டி, எது பொய் என்று கேட்பார்கள். பொய்யே சொல்லாத ஒருவர் பொய்யராக நிற்பது இப்படித்தான். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும்.

அதனால் கேள்வி முழுசாக முடியட்டும். அப்புறம் ஒரு மூச்சு விடுங்கள். உங்கள் வக்கீல் ஆட்சேபிக்கவும் அந்த இடைவெளி உதவும். ஆட்சேபித்தால், நீதிபதி முடிவு சொல்லும்வரை வாய் திறக்காதீர்கள். பிறகு, “வாசலில் நின்றேன். மோதியதைப் பார்க்கவில்லை. வேகமும் தெரியாது” என்றால் போதும். “ஆனால் அந்தச் சத்தத்தை வைத்துப் பார்த்தால் வேகமாகத்தான் வந்திருக்கும்” என்று ஆரம்பிக்காதீர்கள். அது நீங்கள் பார்த்தது இல்லை, ஊகம். அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் பத்துக் கேள்விகள் வரும்.

பதில் முடிந்த பிறகும் சில வக்கீல்கள் உங்களையே பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்பார்கள். அந்த மௌனம் தாங்க முடியாமல்தான் பலர் கேட்காததைச் சொல்கிறார்கள். அது கேள்வி இல்லை. நீங்களும் காத்திருங்கள்.

ஒரு விஷயம் மட்டும் வேறு. ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லும்படி எதிர்த்தரப்பு வக்கீல் வற்புறுத்தி, அப்படிச் சொன்னால் தவறான அர்த்தம் வரும் என்றால், நீதிபதியைப் பார்த்து, “ஒரே வார்த்தையில் சொன்னால் தவறாகிவிடும், விளக்க அனுமதி வேண்டும்” என்று கேளுங்கள். உண்மை உங்கள் கையில் திரியக் கூடாது என்ற அந்தக் கவலை உங்களுக்கு இருப்பதால், அந்த இடத்தை நீங்களே கண்டுகொள்வீர்கள்.