இது வேண்டாம், அதை எழுதித் தாருங்கள்: மறுப்புக் கடிதம் பற்றிக் கேள்வி பதில்

மதுரை, மாடித்தோட்ட இதழுக்குப் புதிதாகப் பொறுப்பேற்றவர்: அக்கா, வெளியாள் ஒருவர் கட்டுரை அனுப்பியிருக்கிறார். விஷயம் தெரிந்தவர்தான், ஆனால் கட்டுரை நமக்குப் பொருந்தவில்லை. மறுத்துவிட்டு வேறொன்று கேட்பது எப்படி?

கட்டுரையை ஒருமுறை படியுங்கள். அதோடு வந்த மடலை இரண்டு முறை படியுங்கள். கட்டுரையில் எல்லோருக்கும் தெரிந்ததை எழுதுகிறவர்கள், தங்களுக்கு மட்டுமே தெரிந்ததை மடலில் போகிற போக்கில் சொல்லியிருப்பார்கள்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எங்கள் இதழுக்கு ‘மாடித்தோட்டத்தின் 10 நன்மைகள்’ என்று 2,000 சொல்லுக்கு மேல் அனுப்பியிருந்தார். மடலின் கடைசியில், போர்த் தண்ணீர் உப்பு என்பதால் பீன்ஸ் மூன்று முறை கருகிவிட்டது, பீட்ரூட் மட்டும் தாங்கியது என்று ஒரு வரி இருந்தது. நான் எழுதிய பதில் இது:

*வணக்கம் அம்மா. உங்கள் கட்டுரையை முழுவதும் படித்தேன். இதை நாங்கள் வெளியிடவில்லை. எங்கள் வாசகர்கள் ஏற்கெனவே தொட்டி வைத்துவிட்டவர்கள். ஏன் வைக்க வேண்டும் என்ற இடத்தைத் தாண்டி வந்துவிட்டார்கள். வேறு இதழுக்கு நீங்கள் தாராளமாக அனுப்பலாம்.*

*உப்புத் தண்ணீரில் பீன்ஸ் கருகியதையும் பீட்ரூட் தாங்கியதையும் சொல்லியிருந்தீர்கள். அதைப் பற்றி எங்களிடம் இதுவரை ஒரு கட்டுரையும் இல்லை. எந்தச் செடி எத்தனை நாளில் வாடியது, நீங்கள் என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று எழுத விருப்பமானால், முதலில் என்ன எழுதப் போகிறீர்கள் என்று ஐந்தாறு வரி மட்டும் அனுப்புங்கள். ஒரு வாரத்தில் பதில் சொல்கிறேன். கட்டுரை 900 சொல்லுக்குள் இருக்கட்டும், நீங்களே எடுத்த படம் இரண்டு மூன்று போதும். இதை ஏற்றுக்கொண்டதாக இப்போதே சொல்ல முடியாது. ஆனால் படிக்க ஆவலாக இருக்கிறேன்.*

‘வெளியிடவில்லை’ என்பது மூன்றாவது வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. பாராட்டை நீட்டிவிட்டுக் கடைசியில் மறுத்தால், படிப்பவர் பாதி வழியில் சந்தோஷப்பட்டுவிடுவார். காரணமும் ஒன்றுதான், அதுவும் எங்கள் வாசகரைப் பற்றியது. நடை, நீளம், எழுத்துப்பிழை என்று அடுக்கியிருந்தால் அதே கட்டுரையைத் திருத்தி மறுபடி அனுப்பியிருப்பார். அழைப்பும் அவர் மடலிலிருந்தே எடுத்தது. ‘வேறு நல்ல தலைப்பில் எழுதுங்கள்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் ‘மொட்டை மாடியின் 12 பயன்கள்’ வந்திருக்கும்.

அவர் அனுப்பிய ஐந்து வரியில், தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்ததையும் இலை ஓரம் மட்டும் பழுப்பானதையும் குறித்திருந்தார். அந்த இரண்டும் போதும், எழுதச் சொல்லிவிட்டேன். வந்த கட்டுரையை ஒருமுறை திருத்தி எழுதச் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

திருச்சி, கல்லூரி மலர்க் குழு: ‘இப்போது இடமில்லை’ என்று எழுதினால் மனம் நோகாதே, மேடம்?

எழுதாதீர்கள். இடமில்லை என்றால் இடம் வந்ததும் போடுவார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மூன்று மாதம் கழித்து ‘இப்போது இடம் இருக்கிறதா’ என்று கேட்பார், இரண்டாவது முறை மறுப்பது இன்னும் வலிக்கும்.

சேலம்: எத்தனை நாளில் பதில் போட வேண்டும்?

இரண்டு வாரம். அதற்கு மேல் ஆகும் என்றால் ‘கிடைத்தது, படிக்கிறேன்’ என்று ஒரு வரி.

சென்னை, ஓய்வுபெற்ற உதவி ஆசிரியர்: காரணம் சொன்னால் வாக்குவாதம்தான் வரும், அம்மா. எங்கள் காலத்தில் ‘பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்’ என்று அச்சடித்த சீட்டு ஒன்றுதான். ஒரு வம்பும் வந்ததில்லை.

பாதி ஒப்புக்கொள்கிறேன், ஐயா. தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறையோடு தினமும் கட்டுக்கட்டாகக் கதை வந்த இடத்தில் அந்தச் சீட்டுதான் நியாயம். இன்றும் அழைக்க எதுவுமில்லாத படைப்புக்கு நானும் இரண்டு வரியோடுதான் நிறுத்துகிறேன். ஆனால் ஒருவரிடம் வேறொன்று கேட்கப் போகிறோம் என்றால், முதலாவது ஏன் பொருந்தவில்லை என்பது தெரியாமல் அவர் எப்படி எழுதுவார்? வாக்குவாதம் வந்தால் ஒருமுறை பதில் சொல்லுங்கள், இரண்டாம் முறை வேண்டாம்.

கோவை, எழுதுபவர்: எனக்கும் இப்படி ஒரு அழைப்பு வந்தது. மூன்று வார இறுதிகள் உட்கார்ந்து எழுதினேன். அதையும் மறுத்துவிட்டார்கள். இதற்கு அந்தச் சீட்டே மேல்.

உங்கள் கோபம் நியாயம். ‘எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம்’ என்பது ஆசிரியருக்கு ஒரு வரி, உங்களுக்கு மூன்று வாரம். அதனால்தான் ஐந்து வரிக்கு மேல் முதலில் கேட்கக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

சென்னை, ஓய்வுபெற்ற உதவி ஆசிரியர்: ஐந்து வரியில் நன்றாக இருப்பது 900 சொல்லில் சொதப்பும், அம்மா. அப்போது என்ன செய்வீர்கள்?

ஒருமுறை திருத்தக் குறிப்பு தருவேன். அதன் பிறகும் சரியாக வராமல், நானே கேட்டு வாங்கியதை இரண்டு முறை திருப்பியிருக்கிறேன். ஆங்கில இதழ்கள் சிலவற்றில், கேட்டு வாங்கிய கட்டுரையைப் போடாவிட்டாலும் பேசிய தொகையில் ஒரு பகுதியைக் கொடுப்பார்கள். வெளியிட்டாலே பணம் தர முடியாத எங்களைப் போன்ற இதழ் என்ன கொடுக்கும்? இதற்கு என்னிடம் விடை இல்லை.

கோவை, எழுதுபவர்: குறைந்தது ‘கேட்டதாலேயே ஏற்றுக்கொண்டதாக ஆகாது’ என்பதை அழைப்பிலேயே எழுதச் சொல்லுங்கள். எனக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

ஆமாம். மேலே உள்ள கடிதத்தில் அந்த வரி அதற்காகத்தான். அதை வெட்டாதீர்கள்.

நெல்லை: அக்கா, பொருந்தும் படைப்பு வேண்டும் என்கிறீர்களே, மழை பற்றி என் கவிதை ஒன்று இருக்கிறது. அனுப்பவா?

தம்பி, எங்கள் இதழில் கவிதை வருவதில்லை. கவிதை போடும் சிற்றிதழ் ஒன்றின் நான்கைந்து இதழ்களைப் படித்துவிட்டு அங்கே அனுப்புங்கள்.

பெங்களூரு: ஒரு நிறுவனம் இலவசமாகக் கட்டுரை தருகிறோம், உள்ளே ஒரு சுட்டி மட்டும் இருக்கட்டும், பணமும் தருகிறோம் என்கிறது. இவர்களையும் அழைக்க வேண்டுமா?

வேண்டாம். இது கட்டுரை இல்லை, விளம்பரம். மடலில் உங்கள் இதழின் பெயரே இருக்காது, செடி பற்றிய கட்டுரைக்கு நடுவே கடன் நிறுவனத்துக்கு ஒரு சுட்டி இருக்கும். ‘விளம்பரக் கட்டுரைகள் வெளியிடுவதில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுங்கள். விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்லிப் போடுவதாக இருந்தால், பணம் பெற்ற சுட்டிக்கு இந்தக் குறிப்பைப் போடச் சொல்கிறது கூகுள்:

```
<a href="..." rel="sponsored">
```

ஈரோடு: பதில் போட எத்தனை நாள் எடுக்கலாம்?

சேலத்துக்காரருக்குச் சொன்னதுதான்.

தஞ்சாவூர்: ‘இடம் இல்லாததால்’ என்று போட்டுவிட்டு, கூடவே அழைப்பும் வைத்தால் சரியாகுமா?

ஆகாது. இடமில்லாதவர் இன்னொரு கட்டுரை எதற்குக் கேட்கிறார் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

மதுரை, முதலில் கேட்டவர்: அக்கா, மடலை மறுபடி படித்தேன். அவர் வீட்டு ஏசி தண்ணீரைப் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறாராம். அதைக் கேட்கலாமா?

கேளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் கிடைக்கிறது, எத்தனை தொட்டிக்குப் போதுகிறது, ஏசி ஓடாத மாதங்களில் என்ன செய்கிறார் என்ற மூன்றையும் அந்த ஐந்து வரியிலேயே சொல்லச் சொல்லுங்கள். லிட்டர் கணக்கு அவரிடம் இல்லை என்றால் ஒரு வாரம் வாளி வைத்து அளந்துவிட்டு எழுதட்டும், காத்திருக்கலாம்.