உற்பத்தி இடைவெளி 4% என்றால் வேலையின்மை ஏன் 4% இல்லை?

"காட்பாடியில் பி.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். உள்ளார்ந்த ஜிடிபி 500, உண்மை ஜிடிபி 480, இயல்பு வேலையின்மை 5%. மொத்த வேலையின்மை கேட்டிருந்தார்கள். 9% என்று எழுதினேன், தப்பாம். ஏன்?"

இடைவெளியை நீங்கள் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள்: (480 − 500) ÷ 500 = −4%. வகுப்பது எப்போதும் உள்ளார்ந்த ஜிடிபியால். 480ஆல் வகுத்தால் −4.17% வரும், விடை முழு எண்ணாக வராவிட்டால் முதலில் இதைப் பாருங்கள்.

சறுக்கியது அடுத்த படியில். பொருளாதார அறிஞர் ஆர்தர் ஓக்கன் 1962இல் சொன்ன விதியின் பாடநூல் வடிவம்:

இடைவெளி % = −2 × சுழற்சி வேலையின்மை

ஆக சுழற்சி வேலையின்மை, அதாவது மந்தத்தால் இயல்புக்கு மேல் வரும் வேலையின்மை, −4 ÷ −2 = 2%. இதோடு இயல்பு வேலையின்மை 5ஐக் கூட்டினால் மொத்தம் 7%. நீங்கள் 2ஆல் வகுக்காமல் 4ஐ அப்படியே கூட்டிவிட்டீர்கள்.

ஏன் பாதி? ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு ஆர்டர் குறைகிறது என்று வையுங்கள். மறுநாளே ஆளை அனுப்ப மாட்டார்கள். முதலில் ஓவர்டைம் நிற்கும், பிறகு ஷிஃப்ட் சுருங்கும். பழகிய தையல்காரரை விட்டால் திரும்பக் கிடைப்பது கஷ்டம். வேலை போனவர்களிலும் சிலர் தேடுவதையே நிறுத்திவிடுவார்கள்; அவர்கள் வேலையில்லாதோர் கணக்கில் வருவதில்லை. அதனால் உற்பத்தி விழும் அளவுக்கு வேலையின்மை ஏறாது.

அந்த 2 அமெரிக்கத் தரவை ஒட்டிய தோராயம்தான். ஓக்கன் முதலில் சொன்னது சுமார் 3. வினாத்தாளில் வேறு எண் இருந்தால் அதையே போடுங்கள். சில நூல்கள் உள்ளார்ந்ததிலிருந்து உண்மையைக் கழிக்கும். அங்கே இடைவெளி +4, சூத்திரத்தில் கழித்தல் குறி இருக்காது.