புள்ளிவிவரம் வேண்டாதவர்களுக்கான விளையாட்டு ஆவணப்படம்

“சாட்ஸ்வொர்த்தில் ஞாயிறு மாலை வீட்டார் எல்லாரும் பார்க்க ஒரு விளையாட்டு ஆவணப்படம் வேண்டும். ஓட்டக் கணக்கு வந்தாலே அம்மா எழுந்து போய்விடுகிறார். எப்படித் தேர்வது?”

வணக்கம். படப்பிடிப்பு எப்போது தொடங்கியது என்பதை முதலில் பாருங்கள். முடிவு தெரிந்த பின் எடுக்கப்படும் படங்கள் பெரும்பாலும் வெற்றியாளரை நாற்காலியில் அமர்த்திப் பழைய ஆட்டங்களை விளக்கச் சொல்வதால், எண்கள் தாமாகவே நுழைந்துவிடுகின்றன.

1994இல் வெளிவந்த ‘ஹூப் ட்ரீம்ஸ்’ அப்படியன்று. சிகாகோவின் இரண்டு கூடைப்பந்துச் சிறுவர்களை, அவர்கள் என்ன ஆவார்கள் என்று தெரியாமலேயே, சுமார் 5 ஆண்டுகள் அது பின்தொடர்ந்தது. கட்டணம் கட்ட முடியாமல் ஆர்தர் ஏஜி தனியார் பள்ளியை விட்டு வெளியேற நேர்கிறது. வீட்டில் மின்சாரமும் துண்டிக்கப்படுகிறது. அவனுடைய தாய் ஷீலா, செவிலியர் உதவியாளர் பயிற்சியில் தாமே முதல் மதிப்பெண் பெற்றதை அறிந்து கண்கலங்கும் காட்சியில் பந்தே இல்லை. என் கணிப்பில் படத்தின் உச்சம் அதுதான். உங்கள் அம்மா அதற்குமுன் எழ மாட்டார்.

ஏறத்தாழ 3 மணி நேரப் படம் என்பதால் இரண்டு மாலைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வேறு படமென்றால், நடுப்பகுதியில் சில நிமிடங்கள் ஓட்டிப் பாருங்கள்: மைதானத்துக்கு வெளியே, ஆட்டக்காரரல்லாத ஒருவருக்கு ஏதேனும் நிகழவில்லையெனில் அதை விட்டுவிடலாம்.