பதவிப் பெயர் பெரிசாச்சு, சம்பளம் ஏன் அப்படியே இருக்கு?

சீனியர் எக்ஸிகியூட்டிவாக இருந்த என்னை அசிஸ்டென்ட் மேனேஜர் ஆக்கிவிட்டார்கள். கடிதத்தில் சம்பளம் பற்றி ஒரு வரிகூட இல்லை. மறந்துவிட்டார்களா?

மறக்கவில்லை. சம்பளம் ஒட்டிக்கொண்டிருப்பது கிரேடோடுதான், டெசிக்னேஷனோடு அல்ல. கிரேடை உயர்த்த வேண்டுமானால் நிதிப் பிரிவு சம்மதிக்க வேண்டும், பட்ஜெட்டில் இடம் வேண்டும். பெயரை மட்டும் மாற்ற இதெல்லாம் பெரும்பாலும் தேவைப்படாது. ஒரு கடிதம் போதும். பழைய கடிதத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்து கிரேடு எண்ணைப் பாருங்கள். கடிதத்தில் இல்லாவிட்டால் ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். எண் மாறவில்லை என்றால் உங்களுக்குக் கிடைத்தது புது விசிட்டிங் கார்டு. போனஸ் சதவீதம், விடுப்பு, காப்பீட்டு வரம்பு எல்லாம்கூட வழக்கமாகக் கிரேடைப் பார்த்துத்தான் வரும்.

பிரமோஷனில் 15 சதவீதம் கொடுத்திருக்கிறார்கள். நல்லதா, மோசமா?

எதில் 15? அடிப்படைச் சம்பளத்திலா, மொத்தத்திலா? வருடாந்திர இன்கிரிமென்ட் இதற்குள் அடக்கமா? இதில் ஒன்றையும் எழுதாமல் தீர்ப்பு மட்டும் கேட்டால் எப்படிச் சொல்வது? அடக்கம் என்றால், பதவி உயராமலே வந்திருக்கக்கூடிய இன்கிரிமென்ட்டைக் கழியுங்கள். அது 8 என்றால் பிரமோஷனுக்காகக் கொடுத்தது 7 மட்டுமே. அடுத்த முறை முழு விவரத்தோடு எழுதுங்கள்.

கிரேடும் உயர்ந்துவிட்டது, ஆனால் 4 சதவீதம்தான் கூடியது. என்னோடு பதவி உயர்ந்தவருக்கு 14 சதவீதம். இது அநியாயம் இல்லையா?

நீங்கள் அனுப்பிய எண்களைப் பார்த்தால், இல்லை. உங்கள் பழைய கிரேடின் வரம்பு 20,000 முதல் 30,000 வரை. புதியது 24,000 முதல் 36,000 வரை. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பதைக் கவனியுங்கள். நீங்கள் 29,000 வாங்கிக்கொண்டிருந்தீர்கள், அதாவது பழைய வரம்பின் உச்சிக்கு அருகில். 4 சதவீதம் கூடி 30,160 ஆகும்போது புதிய வரம்பின் நடுப்புள்ளியான 30,000-க்கு வந்துவிட்டீர்கள். உங்கள் நண்பர் 21,000-இல் இருந்தவர். அவரைப் புதிய வரம்பின் அடிமட்டமான 24,000-க்குத் தூக்கவே சுமார் 14 சதவீதம் தேவைப்பட்டது.

உங்களுக்கு உண்மையில் கிடைத்திருப்பது மேலே ஏற இடம். முன்பு உச்சிக்கு 1,000-தான் பாக்கி. அதைத் தொட்டதும் இன்கிரிமென்ட் நின்றிருக்கும். இப்போது ஏறக்குறைய 6,000 இருக்கிறது. இந்த 4 சதவீதத்தை ஏற்கலாம். இதே 4 சதவீதத்தை உங்கள் நண்பருக்குக் கொடுத்திருந்தால் அவர் 21,840-இல், வரம்புக்கு வெளியே நின்றிருப்பார். சண்டை போட வேண்டிய இடம் அதுதான்.

மேனேஜர் ராஜினாமா செய்துவிட்டார். என்னை 'பொறுப்பு மேனேஜராக' இருக்கச் சொல்கிறார்கள். ஏற்கலாமா?

முடிவுத் தேதியும் பொறுப்புப் படியும் எழுத்தில் இருந்தால் ஏற்கலாம். 'பார்த்துச் செய்வோம்' என்பது எழுத்து ஆகாது.

சூப்பர்வைசரில் இருந்து ஷிப்ட் மேனேஜராக ஆக்குகிறார்கள். அடிப்படைச் சம்பளம் 20,000-இல் இருந்து 25,000 ஆகிறது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் இனி ஓ.டி. கிடையாதாம். கையெழுத்துப் போடலாமா?

போடாதீர்கள், முதலில் கணக்குப் போடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் ஏமாறுபவர்களைப் பார்த்துப் பார்த்துக் கோபம்தான் வருகிறது.

நீங்கள் சொன்னபடி மாதம் 200 மணி நேர வேலைக்கு 20,000, அதாவது மணிக்கு 100. ஓ.டி. சராசரி 30 மணி நேரம், ஒன்றரை மடங்கில் 4,500. ஷிப்ட் அலவன்ஸ் 1,500. ஆக மொத்தம் 26,000. வேலை 230 மணி நேரம். மணிக்குச் சுமார் 113. புதிய பதவியில் 25,000-தான் எல்லாமே. ஷிப்ட் தொடங்குமுன் வந்து, ஒப்படைத்த பிறகு போவதால் வேலை 240 மணி நேரம் ஆகும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மணிக்கு 104. கடிதத்தில் 25 சதவீத உயர்வு. கையில் மாதம் 1,000 குறைவு, வேலை 10 மணி நேரம் கூடுதல். மணிக்கணக்கில் பழைய நிலைக்கு வரவே 27,000-க்குக் கொஞ்சம் மேல் வேண்டும், அதாவது ஏறக்குறைய 36 சதவீத உயர்வு.

இது தற்செயலாக நடப்பதாக நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 2004 முதல் 2019 வரை, வாரம் 455 டாலரோ அதற்கு மேலோ நிலைச் சம்பளம் வாங்கும் நிர்வாகப் பொறுப்பாளருக்கு ஓ.டி. தர வேண்டியதில்லை என்று விதி இருந்தது. லாரன் கோஹனும் இரண்டு சக ஆய்வாளர்களும் வேலை விளம்பரங்களை ஆராய்ந்து 2023-இல் வெளியிட்ட கட்டுரையில், அந்த வரம்பை ஒட்டி மேனேஜர் என்ற பெயர் தாங்கிய வேலைகள் ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆவதைக் காட்டினார்கள். வரவேற்பு மேசையில் உட்காருபவருக்கு 'முதல் அபிப்பிராய இயக்குநர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வேலை அதேதான், போனது ஓ.டி. இத்தனைக்கும் அந்த நாட்டு விதியிலேயே, பதவிப் பெயரை மட்டும் வைத்து ஓ.டி.யை மறுக்க முடியாது. செய்யும் வேலையும் பார்க்கப்படும் என்று இருக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று தொழிலாளர் துறையிடமோ ஒரு வழக்கறிஞரிடமோ கேளுங்கள். கேட்கும்போது, யாருக்கு விடுப்பு அனுமதிப்பீர்கள், யாரை நியமிக்கவோ நீக்கவோ உங்கள் சொல் எடுபடும், நாளில் எத்தனை மணி நேரம் மற்றவர்களோடு சேர்ந்து அதே இயந்திரத்தில் நிற்பீர்கள் என்ற விவரங்களோடு போங்கள்.

பேச்சுவார்த்தைக்குப் போகுமுன் 12 மாதச் சம்பளச் சீட்டுகளை எடுத்து ஓ.டி.யைக் கூட்டுங்கள். சீசன் மாதத்தை மட்டும் காட்டினால் ஹெச்.ஆர். ஒரே நிமிடத்தில் உடைத்துவிடுவார். ஓ.டி. நிரந்தரம் அல்ல, நாளைக்கே வெட்டலாம் என்று அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. அடிப்படை உயர்ந்தால் ஓய்வூதியப் பிடித்தம் போன்றவையும் கூடும் என்பதும் பல இடங்களில் உண்மை. அதனால் முழு ஓ.டி.யையும் கேட்காமல், மந்தமான மாதங்களில்கூட வந்த அளவை அடிப்படையில் சேர்க்கச் சொல்லுங்கள். 'தனிப்பட்ட அலவன்ஸ்' என்று தர முன்வந்தால் கவனம்: அடுத்தடுத்த இன்கிரிமென்ட்டில் அதைக் கழித்துக்கொள்வார்கள். கழிக்க மாட்டோம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

சம்பளம் கூடாவிட்டாலும் பெயரை வைத்து வெளியே நல்ல வேலை தேடலாம் என்கிறார் நண்பர். சரியா?

பாதி சரி. நேர்காணலில் உங்களுக்குக் கீழ் எத்தனை பேர், எவ்வளவு செலவுக்கு நீங்கள் கையெழுத்துப் போடலாம், எதை யாரையும் கேட்காமல் முடிவு செய்தீர்கள் என்று கேட்பார்கள். மூன்றுக்கும் பதில் இருந்தால் ஓராண்டு இருந்துவிட்டுத் தேடுங்கள். மூன்றும் பூஜ்யம் என்றால் அந்தப் பெயர் எதிராகவே வேலை செய்யும். கீழ்ப்பதவிக்கு 'இவர் மேனேஜர் ஆயிற்றே' என்று ஒதுக்குவார்கள், மேனேஜர் பதவிக்கு அனுபவம் போதாது என்பார்கள்.

கடிதம் வந்துவிட்டது. இதையெல்லாம் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது. எப்படிக் கேட்பது?

இப்படி ஒரு மின்னஞ்சல் போதும்: "வாய்ப்புக்கு நன்றி. ஏற்குமுன் சில விவரங்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்: புதிய பதவியின் கிரேடு, அதன் சம்பள வரம்பு, ஓ.டி. மற்றும் அலவன்ஸ் தொடருமா, இந்த ஆண்டு இன்கிரிமென்ட் தனியாக உண்டா." வரம்பைச் சொல்ல மறுத்தால், அதில் நீங்கள் கீழ்ப்பாதியிலா மேல்பாதியிலா என்றாவது கேளுங்கள். நேரில் பதில் சொன்னால், அன்றைக்கே "நாம் பேசியபடி" என்று தொடங்கி அதை மின்னஞ்சலில் திருப்பி அனுப்பிவிடுங்கள். கையெழுத்து அதற்குப் பிறகு.