சம்பளம் பத்தலைன்னு எழுதும்போது உண்மைக் காரணத்தையே எழுதுங்க

"அண்ணா, நான் காட்பாடி. ராணிப்பேட்டை சிப்காட்ல குவாலிட்டி இன்ஜினியரா இருக்கேன், வயசு 28. சிங்கப்பூர்ல ஒரு ஃபேக்டரியில, எஸ் பாஸ்ங்கற வேலை அனுமதியில மாசம் 4,200 சிங்கப்பூர் வெள்ளிக்கு ஆஃபர் வந்திருக்கு. கேட்டுப் பாத்ததுல 4,400க்கு மேல முடியாதுன்னுட்டாங்க. வொய்ஃபையும் பொண்ணையும் விட்டுட்டு வர மனசில்லை. வேணாம்னு மெயில் போடணும், ஆனா அந்த மேனேஜர் ரொம்ப நல்லவர், தொடர்பு அறுந்துடக் கூடாது. எப்படி எழுதறது?"

தம்பி, எனக்குக் குடியாத்தம். இங்க சிங்கப்பூர்ல ஜூரோங் பக்கம் வந்து பல வருஷம் ஆச்சு. வர்றதுக்கு முன்னாடி எனக்கும் இப்படி ஒரு ஆஃபர் வந்துச்சு. சம்பளம் கம்மின்னு சொல்லக் கூச்சப்பட்டு, "குடும்பச் சூழ்நிலை சரியில்லை, இப்போதைக்கு வர முடியாது"ன்னு எழுதிட்டேன். மூணு மாசம் கழிச்சு அவங்களே போன் பண்ணி, "குடும்பத்துல எல்லாம் சரியாயிடுச்சா, இப்ப வர்றீங்களா?"ன்னு அதே சம்பளத்துக்குக் கூப்பிட்டாங்க. அப்போ என்னத்தைச் சொல்றது? ரெண்டாவது தடவை சம்பளம் பத்தலைன்னு சொன்னதும் முதல் காரணம் பொய்யின்னு அவங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. அப்புறம் அங்கேருந்து போனே வரலை. கம்பெனி கோச்சுக்கிட்டது சம்பளத்துக்காக இல்லை, மறைச்சதுக்காக.

அதனால காரணம் சம்பளம்தான்னு நேராவே எழுதுங்க. ஆனா "சம்பளம் கம்மியா இருக்கு"ன்னு மட்டும் எழுதினா, பேரம் பேசறீங்கன்னுதான் ஹெச்.ஆர். நினைக்கும். உங்க கேஸ்ல அதுக்குப் பின்னாடி ஒரு கெட்டியான நம்பர் இருக்கு. மனைவி, குழந்தைக்கு டிபெண்டன்ட்ஸ் பாஸ் எடுக்கணும்னா உங்க நிலையான மாசச் சம்பளம் குறைஞ்சது 6,000 வெள்ளி இருக்கணும். அதுல அடிப்படைச் சம்பளமும், மாசா மாசம் மாறாம வர்ற அலவன்சும் சேரும். ஓவர்டைம், போனஸ், மாசத்துக்கு மாசம் மாறுற எதுவும் சேராது. இதை அந்த மேனேஜரால மறுக்க முடியாது, அவருக்கும் தெரிஞ்ச விதி. வீட்டு வாடகை, ஊர்க்கடன், அப்பா வைத்தியச் செலவு இதெல்லாம் மெயில்ல வேண்டாம். அது உங்க கணக்கு, அவங்களால எதுவும் பண்ண முடியாதது.

4,400க்கும் 6,000க்கும் நடுவுல 1,600 வெள்ளி இருக்கு. இது இன்னொரு தடவை கெஞ்சினா மூடுற பள்ளம் இல்லை. அதுக்குக் காரணம் அவங்க பக்கமும் இருக்கு. எஸ் பாஸ்ல ஒரு ஆளை வச்சா 2025 செப்டம்பர்லேர்ந்து கம்பெனி அரசாங்கத்துக்கு மாசம் 650 வெள்ளி லெவி கட்டணும், அதை உங்க சம்பளத்துல பிடிக்கக் கூடாது. அதாவது 4,400ன்னு உங்களுக்குச் சொன்னா அவங்க கணக்குல 5,050. அதோட உற்பத்தித் துறைல எஸ் பாஸ் ஆட்கள் மொத்த ஆள் எண்ணிக்கையில நூத்துக்கு 15க்கு மேல போகக் கூடாது. அந்த இடத்துல ஒண்ணை உங்களுக்காகப் பிடிச்சு வச்சிருக்காங்க. நீங்க பத்து நாள் பதில் போடாம இருந்தா அந்த இடம் சும்மா கிடக்கும். மரியாதைன்னு நான் நினைக்கறது இதைத்தான்: முடிவு பண்ணினதும் ரெண்டு வேலை நாளுக்குள்ள அனுப்பிடறது.

பாஸுக்கு ஏற்கெனவே விண்ணப்பம் போட்டுட்டாங்களான்னு முதல்ல பாருங்க. போட்டிருந்தா அதைத் திரும்ப எடுத்துக்கச் சொல்லி மெயில்லயே ஒரு வரி இருக்கணும். ஆஃபர் லெட்டர்ல கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா கதை வேற; அப்போ அது மறுப்பு இல்லை, ஒப்பந்தத்துலேர்ந்து விலகறது. நோட்டீஸ் பத்தி அதுல என்ன எழுதியிருக்குன்னு படிக்காம எதுவும் அனுப்பாதீங்க.

புதுசா மெயில் ஆரம்பிக்க வேண்டாம். ஆஃபர் வந்த மெயிலுக்கே பதில் போடுங்க, ஹெச்.ஆருக்கு அனுப்பி மேனேஜரை நகல்ல வையுங்க. பின்னாடி உங்க பேரைத் தேடினா ஆஃபரும் காரணமும் ஒரே இடத்துல கிடைக்கும். நீங்க இங்கிலீஷ்லதான் அனுப்புவீங்க, ஆனா விஷயம் இந்த வரிசையில வரட்டும்:

"வணக்கம். தர ஆய்வுப் பொறியாளர் பணிக்கு என்னைத் தேர்ந்தெடுத்ததற்கும், சம்பளத்தை 4,400 வெள்ளியாக உயர்த்தித் தந்ததற்கும் நன்றி. யோசித்துப் பார்த்ததில், இந்தச் சம்பளத்தில் இந்தப் பணியை ஏற்க இயலாத நிலையில் இருக்கிறேன். என் மனைவியையும் மகளையும் உடன் அழைத்துவர டிபெண்டன்ட்ஸ் பாஸுக்கு நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளி தேவைப்படுகிறது. என் பெயரில் பாஸ் விண்ணப்பம் அனுப்பப்பட்டிருந்தால் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். உங்கள் ஆய்வுக்கூடத்தைப் பற்றி நேர்காணலில் பேசியது எனக்குப் பிடித்திருந்தது. நிலையான சம்பளம் 6,000 வெள்ளி அளவில் மூத்த நிலைப் பணி ஏதேனும் வந்தால் என்னை நினைவில் கொள்ளுங்கள். இங்கு எனக்கு ஒரு மாத நோட்டீஸ் காலம்."

இவ்வளவுதான். இதுல "மன்னிக்கணும்" ஒரு தடவை கூட இல்லை பாருங்க. நம்ம ஊர் ஆளுங்க மூணு தடவை மன்னிப்பு கேட்டு எழுதுவாங்க. படிக்கறவருக்கு, இன்னும் கொஞ்சம் தள்ளினா வந்துடுவான்னு தோணும். "இப்போதைக்கு"ங்கற வார்த்தையையும் போடாதீங்க, அதுவும் அதே சந்தேகத்தைத்தான் கிளப்பும். "இந்தச் சம்பளத்தில்"ங்கற வார்த்தை ரெண்டு வேலை செய்யுது: இந்த ஆஃபரை மூடுது, வேற சம்பளத்துக்கு வழி விடுது. வேற கம்பெனியில அதிகம் தர்றாங்கன்னு இல்லாததை எழுதாதீங்க. எந்தக் கம்பெனின்னு அவர் அன்பாக் கேட்டாலே மாட்டிப்பீங்க. ஏஜென்ட் மூலமா வந்த ஆஃபர்னா அவருக்கும் அதே நாள் சொல்லிடுங்க, அவர் வேற காரணம் சொல்லி வைக்கறதுக்கு முன்னாடி.

இதை அனுப்பினப்புறம் 5,000 தர்றோம்னு பதில் வரலாம். அப்போ தடுமாறாதீங்க. 5,000லயும் குழந்தை காட்பாடியிலதான் இருக்கும். "6,000 நிலையான சம்பளமா அமைய வழி இருந்தா பேசலாம்"னு ஒரே வரி. அடிப்படை 5,300, நிலையான அலவன்ஸ் 700ன்னு பிரிச்சுத் தந்தாலும் கணக்குக்கு வரும், ஆனா அது ஒப்பந்தத்துலயும் பாஸ் விண்ணப்பத்துலயும் நிலையானதுன்னே எழுதியிருக்கணும். வாய்ல சொன்னா போதாது.

மேனேஜருக்கு மட்டும் அடுத்த நாள் தனியா ரெண்டு வரி போடுங்க. சம்பளத்தைப் பத்தி அதுல எதுவும் வேண்டாம். நேர்காணல்ல அவர் கேட்ட ஒரு பிரச்சினையை, உதாரணமா வெல்டு டெஸ்ட்ல திரும்பத் திரும்ப வர்ற குறையைப் பத்திப் பேசியிருந்தீங்கன்னா, அதைச் சொல்லி நன்றி சொல்லுங்க. அதுக்கப்புறம் நாலு மாசம் சும்மா இருங்க. பாஸ் சம்பள வரம்பு மாற்றங்களை இங்க பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் பட்ஜெட் சமயத்துலதான் அறிவிப்பாங்க, அப்போ எல்லாக் கம்பெனியும் சம்பளப் பட்டியலைத் திறந்து பார்க்கும். அந்த வாரம் சான்றிதழ் ஏதாவது முடிச்சிருந்தா அதைச் சொல்லி ஒரு சின்ன மெயில் போடுங்க. வெல்டிங் இன்ஸ்பெக்‌ஷன்ல நீங்க ஏதாவது பாஸ் பண்ணியிருந்தா அதுதான் முதல் வரி.

அனுப்பறதுக்கு முன்னாடி வரைவை எனக்குக் காட்டுங்க தம்பி, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல இங்க இருப்பேன், ஒரு தடவை படிச்சுச் சொல்றேன்.