வவுச்சருக்காக 18,000 ரூபாய் செலவு

"கிரெடிட் கார்டில் இந்த மாதத்துக்குள் இன்னும் 18,000 செலவழித்தால் 2,000 ரூபாய் வவுச்சராம். புது போன் வாங்கிவிடலாமா?"

தேவையில்லாத போன் என்றால் வேண்டாங்க. வவுச்சர் போக 16,000 கையை விட்டுப் போகும்.

அடுத்த மாதம் எப்படியும் கட்ட வேண்டிய ஸ்கூல் ஃபீஸ், வண்டி இன்சூரன்ஸ் ஏதாவது இருந்தால் இப்போதே கார்டில் கட்டிவிடுங்கள். ஆனால் பல கார்டுகளில் வாடகை, பெட்ரோல், வாலட்டில் ஏற்றும் பணம் இந்தக் கணக்கில் சேராது. சிலவற்றில் ஃபீஸும் இன்சூரன்ஸும்கூட. முதலில் விதிமுறையைப் பாருங்கள்.

அப்புறம், பில்லை முழுதாகக் கட்ட முடியுமா? மாதம் 3.5% வட்டி என்றால் 18,000க்கு 630 ரூபாய். ஜிஎஸ்டியும் சேர்ந்தால் மூன்று மாதத்தில் வவுச்சர் காலி.

ஏற்கெனவே சேர்ந்த பாயிண்ட் இருந்தால் பொருள் வாங்காமல் பில்லிலேயே கழித்துக்கொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் பிடிக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.